பாதிப் படத்துக்கு முழு விடையா?

இரவு மணி ஒன்பதரை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் அண்ணன், சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுகிறான். செல்போன் ஒலிக்கிறது. ஊரிலிருந்து தங்கை ஒரு படம் அனுப்பியிருக்கிறாள்.

தங்கை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். மாதிரி வினாப் புத்தகம் தோழியுடையது. பொழுது விடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

"அண்ணே, இந்தக் கணக்குக்கு விடை என்ன?" என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாள்.

அண்ணன் படத்தைப் பார்க்கிறான். இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது.

"வட்டியில் ஒரு தொகை 5 ஆண்டுகளில் இரு
ங்காகிறது. அதே தொகை நான்கு மடங்காக
தனை ஆண்டுகள் ஆகும்?"

கீழே நான்கு விடைகள்: 10, 12, 15, 20.

அண்ணன் கணக்கில் கெட்டிக்காரன். "ஐந்து ஆண்டில் இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கு இன்னும் ஐந்து ஆண்டில் நான்கு மடங்கு. ஆகப் பத்து ஆண்டு" என்று மனத்துக்குள் போட்டுவிட்டான். விரல் '10' என்று எழுதப் போகிறது.

அந்த விரல் கொஞ்சம் நிற்க வேண்டும்!

வெட்டுப்பட்ட சொல்

இந்தப் படத்தில் மூன்று இடங்களில் எழுத்துகள் போயிருக்கின்றன. இரண்டாவது வரியில் 'ங்காகிறது' என்று இருக்கிறது. அது 'மடங்காகிறது' என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வரியில் 'தனை' என்று இருக்கிறது. அது 'எத்தனை'. இதிலும் சந்தேகம் இல்லை.

முதல் வரியில்தான் வம்பு. 'வட்டியில்' என்று வரி தொடங்குகிறது. பார்ப்பதற்கு முழுச் சொல்லாகவே இருக்கிறது. ஆனால் இடது ஓரம் மேலிருந்து கீழே ஒரே கோடாக வெட்டுப்பட்டிருக்கும்போது, முதல் வரி மட்டும் எப்படித் தப்பியிருக்கும்? 'வட்டி' என்ற சொல்லுக்கு முன்னாலும் இரண்டு மூன்று எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். அது 'தனி'யாக இருக்கலாம். 'கூட்டு' ஆகவும் இருக்கலாம்.

தனிவட்டியானால் கணக்கு வேறு. அசல் 1,000 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 5 ஆண்டில் வட்டி 1,000 ரூபாய். தனிவட்டியில் வட்டிக்கு வட்டி கிடையாது. எனவே ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் அதே 1,000 ரூபாய்தான். தொகை 4,000 ஆக வேண்டுமென்றால் வட்டி 3,000 சேர வேண்டும். அதற்கு மூன்று ஐந்தாண்டுகள் வேண்டும். விடை 15 ஆண்டு.

கூட்டுவட்டியானால், முதல் 5 ஆண்டில் 2,000. அந்த 2,000 முழுவதும் அசலாகி, அடுத்த 5 ஆண்டில் 4,000. விடை 10 ஆண்டு.

விடைப் பட்டியலில் பத்தும் இருக்கிறது. பதினைந்தும் இருக்கிறது. இது தற்செயல் அல்ல. வினா தயாரிப்பவர், மாணவர் எந்த இடத்தில் தவறுவார் என்று பார்த்து, அந்தத் தவறான எண்ணையும் பட்டியலில் சேர்த்து வைக்கிறார். தனிவட்டியைக் கூட்டுவட்டி என்று எண்ணியவருக்காக 10. ஐந்தையும் நான்கையும் அவசரமாகப் பெருக்கியவருக்காக 20. எனவே, "நான் போட்ட விடை பட்டியலில் இருக்கிறது, ஆகவே சரி" என்று நிம்மதி அடைய இடமே இல்லை.

கண் செய்யும் மோசடி

நல்ல படிப்பாளியே இதில் ஏன் விழுகிறார்? காரணம் இருக்கிறது.

படிக்கத் தெரிந்தவர் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. சொல்லாகப் படிக்கிறார். 'ங்காகிறது' என்று கண்டவுடன் மனம் 'மட' என்பதைத் தானே ஒட்டிக் கொள்கிறது. ஒட்டிய விஷயமே தெரிவதில்லை. அதே வேகத்தில் 'வட்டியில்' என்பதற்கும் தனக்குப் பழக்கமான பொருளைக் கொடுத்துவிடுகிறது. கம்பெனிக் கணக்கில் தினமும் கூட்டுவட்டி பார்க்கும் அண்ணனுக்கு அது கூட்டுவட்டியாகத் தோன்றுகிறது. பள்ளிக்கூடக் கணக்குச் சொல்லித் தருகிறவருக்குத் தனிவட்டியாகத் தோன்றும்.

முதலில் செய்தது நிரப்பல். அதற்குப் பக்கத்து எழுத்துகளே சாட்சி. அடுத்தது ஊகம். அதற்குச் சாட்சியே இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து.

வெட்டுப்பட்ட படத்தைக் கண்டுபிடிக்கத் தமிழ் எழுத்தே ஒரு உதவி செய்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஒரு வரி 'ங்' என்றோ 'த்' என்றோ 'ட்' என்றோ தொடங்கினால், ஓரம் போய்விட்டது என்று உடனே சொல்லிவிடலாம். வினாவின் எண் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு வந்த படத்தில் வினா எண் இல்லை. 10-க்கும் 15-க்கும் முன்னால் இருக்க வேண்டிய அ, இ என்ற எழுத்துகளும் இல்லை. இவையெல்லாம் எச்சரிக்கை மணி.

மங்கலில் முதலில் போவது எது?

ஓரம் போன படம் ஒரு வகை. கை ஆடியதால் மங்கிய படம் இன்னொரு வகை. மங்கிய படத்தில் பெரிய எழுத்துகள் தப்பித்துவிடும். சிறிய அடையாளங்கள்தான் முதலில் அழியும். தசமப் புள்ளி, கழித்தல் குறி, எண்ணின் தலைமேல் சிறியதாக நிற்கும் அடுக்கு எண் ஆகியவை மறையும். கணக்கில் உயிர் இருப்பது அவற்றில்தான்!

'8,000 ரூபாய்க்கு 2.5 சதவீதத் தனிவட்டியில் 2 ஆண்டு வட்டி என்ன?' என்பது கேள்வி. விடை 400 ரூபாய். புள்ளி அழிந்து 25 சதவீதம் என்று தெரிந்தால் விடை 4,000 ரூபாய். பட்டியலில் இரண்டுமே இருக்கலாம்.

"எந்த பாங்கியில் 25 சதவீத வட்டி கொடுக்கிறார்கள்? ஆகவே 2.5 தான்" என்று சிலர் வாதிடுவார்கள். இது சரியான வாதம் அல்ல. கணக்குப் புத்தகத்தில் வட்டி வீதம் பாங்கியைக் கேட்டு வைக்கப்படுவதில்லை. 20 சதவீதமும் வரும், 25 சதவீதமும் வரும்.

சொல்லில் ஓர் எழுத்து போனால் மற்ற எழுத்துகள் காட்டிக் கொடுக்கும். 'ம_ரை' என்று எழுதினாலும் மதுரை என்று படித்துவிடலாம். எண்ணில் ஓர் இலக்கம் போனால் காட்டிக் கொடுப்பவர் எவரும் இல்லை. '4_0' என்பது 400 ஆகவும் இருக்கலாம், 490 ஆகவும் இருக்கலாம். ஆகையால் மங்கலான சொல்லை நிரப்பிப் படிக்கலாம். மங்கலான எண்ணை நிரப்பிப் படிக்கவே கூடாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது ஓரளவுதான் உதவும். படத்தில் பதியாத புள்ளி, பெரிதாக்கினால் மட்டும் வந்துவிடாது. மங்கலும் சேர்ந்து பெரிதாகும். ஆனால் ஒன்றை முதலில் சோதிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் முழுவதும் இறங்குவதற்கு முன் மங்கலாகத்தான் தெரியும். படத்தைத் தொட்டு முழுவதும் இறக்கிய பிறகே, படம் மோசமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

துப்பு இருந்தால் சொல்லலாம்

அப்படியானால் ஓர் எழுத்து போனாலும் விடை சொல்லக் கூடாதா? அப்படியும் இல்லை. சில படங்களில் போன சொல்லைப் படமே காட்டிக் கொடுக்கும்.

'கீழ்க்கண்டவற்றுள் ...... இணை எது?' என்று ஒரு கேள்வி. நடுவில் இருந்த சொல்லின் மேல் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அது 'சரியான' என்பதா, 'தவறான' என்பதா? விடைகளைப் பார்க்கலாம். மேட்டூர் அணை – காவிரி. பவானிசாகர் அணை – பவானி. பாபநாசம் அணை – தாமிரபரணி. சாத்தனூர் அணை – பாலாறு.

முதல் மூன்றும் சரி. சாத்தனூர் அணை இருப்பது தென்பெண்ணை ஆற்றில். ஆக நான்காவது மட்டும் தவறு. மூன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் இருக்கும்போது, 'சரியான இணை எது?' என்று எவரும் கேட்கமாட்டார். கேட்டது 'தவறான இணை'தான். விடை: சாத்தனூர் – பாலாறு.

இது ஊகம் அல்ல, துப்பறிதல். படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. ஆனால் நான்கு இணைகளும் நிச்சயமாகத் தெரிந்தவர்தான் இப்படித் துப்பறியலாம். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் இந்தச் சாட்சி நிற்காது.

தேர்வாணையத்தின் பழைய வினாத்தாளாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பொது அறிவுக் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். தமிழில் போன சொல் ஆங்கில வரியில் பத்திரமாக இருக்கக்கூடும். பொதுத் தமிழ்ப் பகுதியில் இந்த வசதி இல்லை.

கேள்வி முழுவதும் தெரிந்து, விடைப் பட்டியல் மட்டும் மங்கியிருந்தால் என்ன செய்வது? '240-இல் 15 சதவீதம் எவ்வளவு?' என்ற கேள்விக்குப் பட்டியலே தேவையில்லை. 10 சதவீதம் 24, 5 சதவீதம் 12, ஆக 36. '36' என்று எழுத வேண்டும். 'ஆ' என்றோ 'இ' என்றோ எழுதக் கூடாது. மங்கலான பட்டியலில் எழுத்தைத் தவறாகப் படித்துவிட்டால், சரியாகப் போட்ட கணக்கும் தவறாகிவிடும். '36 எந்த எழுத்துக்கு நேரே இருக்கிறது என்று நீயே பார்த்துக் கொள்' என்று சொல்வதே நல்லது.

'கீழ்க்கண்டவற்றுள் மிகப் பெரிய எண் எது?' என்று கேட்டால் இந்த வழி உதவாது. அங்கே விடைப் பட்டியல்தான் கேள்வி. பட்டியலில் ஓர் எண் மங்கியிருந்தாலும், அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளாமல் விடை சொல்ல முடியாது.

"அவசரத்துக்கு ஒரு விடை" சரியா?

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு.

"பிள்ளை இரவில் காத்துக் கொண்டிருக்கிறது. திருப்பிக் கேட்டால் சோர்ந்துவிடும். ஏதோ ஒரு விடை சொல்லி அனுப்பினால் என்ன? தேர்வில் எல்லோரும் ஊகித்துத்தானே எழுதுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தேர்வு அறையில் ஊகிப்பது உண்மைதான். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஊகித்து எழுதி, ஊகம் பொய்த்தால், அந்தக் கேள்விக்குரிய ஒன்றரை மதிப்பெண் கிடைக்காது. அவ்வளவுதான். எழுதியவருக்கும் அது ஊகம் என்று தெரியும்.

அண்ணன் அனுப்பும் விடை அப்படிப்பட்டதல்ல. தங்கை அதை ஊகம் என்று நினைக்கமாட்டாள். உண்மை என்று எண்ணி நோட்டில் எழுதி வைப்பாள். காலையில் புத்தகம் கைமாறிவிடும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அந்த ஒரு கணக்கு மட்டும் கெடுவதோடு நிற்காது. 'இரு மடங்கு, நான்கு மடங்கு என்று வந்தால் இப்படித்தான் போட வேண்டும்' என்று அவள் மனத்தில் பதிந்துவிடும். தனிவட்டிக் கணக்குக்கெல்லாம் கூட்டுவட்டி வழியைப் போடுவாள். தேர்வு அறையில் ஊகம் ஒரு மதிப்பெண் விஷயம். பிறர் நோட்டில் போய்ச் சேர்ந்தால் அது பாடம்.

தேர்வு நடத்துகிறவர்களே இதைப் புரிந்து கொண்டிருக்கிறார்கள் போலும். தேர்வாணையத்தின் வினாத்தாளில் நான்கு விடைகளோடு 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது. தெரியவில்லை என்பதும் ஒரு விடைதான்.

ஆனால் வெறுமனே "படம் சரியில்லை" என்று எழுதிவிட்டு உறங்கப் போவதும் நியாயமல்ல. எந்த இடம் சரியில்லை என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது படத்திலும் அதே ஓரத்தை வெட்டி அனுப்புவாள்.

அண்ணன் எழுத வேண்டிய பதில்

முதலில், போன பகுதி விடையை மாற்றுமா என்று பார்க்க வேண்டும். மாற்றாது என்றால் விடையைச் சொல்லிவிடலாம். 'மட', 'எத்' போனதற்காகத் தங்கையைக் காக்க வைக்க வேண்டியதில்லை. இரண்டே வகையாகத்தான் இருக்க முடியும் என்றால், இரண்டு விடையையும் சொல்லி, எது எதற்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும். எத்தனையோ வகையாக இருக்கலாம் என்றால், விடை சொல்லாமல் அந்த இடத்தை மட்டும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

தங்கையின் கணக்கு இரண்டாவது வகை. அதற்கு அண்ணன் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"முதல் வரியில் 'வட்டி'க்கு முன்னால் ஒரு சொல் படத்தில் விழவில்லை. 'தனி' என்றிருந்தால் விடை 15. 'கூட்டு' என்றிருந்தால் 10. புத்தகத்தைப் பார்த்துச் சொல்லம்மா."

இதை எழுத ஒரு நிமிஷம் போதும். தங்கை மறுபடி படம் எடுக்கவும் வேண்டாம். புத்தகம் அவள் கையில்தான் இருக்கிறது.

"தனி என்று இருக்கிறது, அண்ணே!"

"அப்படியானால் 15."

தங்கை ஒரு கணக்குக் கேட்டாள். இரண்டு கணக்குக் கற்றுக் கொண்டாள்.

தங்கை செய்ய வேண்டியது

படம் எடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. கேமரா கண்ணாடியில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். புத்தகத்தை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, தைத்த ஓரத்தைக் கையால் அமுக்கிச் சமமாக்க வேண்டும். நடுவில் வளைந்திருக்கும் தாளில்தான் எழுத்துகள் ஒளிந்து கொள்ளும். செல்போனைப் புத்தகத்துக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். மிக அருகில் கொண்டுபோனால் மங்கிவிடும். ஒரு சாண் உயரம் இருக்கட்டும். திரையில் எழுத்தின் மேல் ஒரு முறை தொட்டால், கேமரா அந்த இடத்தைத் தெளிவாக்கிக் கொள்ளும்.

ஓரம் வெட்டுப்படாமல் இருக்க ஒரு சுலபமான வழி உண்டு. மேலே முந்தைய கேள்வியின் கடைசி வரியும், கீழே அடுத்த கேள்வியின் எண்ணும் படத்தில் விழ வேண்டும். இரு பக்கமும் வெள்ளைத் தாள் ஒரு விரல் அகலம் தெரிய வேண்டும். அப்படியிருந்தால் நடுவிலுள்ள கேள்வி முழுதாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

எடுத்த படத்தை அனுப்புவதற்கு முன், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்து ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். புத்தகம் திறந்திருந்தால் கண் அங்கே ஓடிப்போய்க் குறையை நிரப்பிக் கொள்ளும். மூடியிருந்தால், அண்ணனுக்கு என்ன தெரியுமோ அதுதான் தங்கைக்கும் தெரியும். 'ங்காகிறது' என்று வாய் திக்கினால் அந்தப் படத்தை அனுப்பக் கூடாது.

இதையும் மீறிக் குறையுள்ள படம் போய்ச் சேரலாம். அப்போது தங்கை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடனே விடை சொல்பவர் எல்லோரும் கெட்டிக்காரர் அல்ல. "அந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறவர்தான் படத்தை உண்மையில் படித்தவர்.